உறுதிமொழியை நீங்களே எழுதுங்கள் என்றால், மனதில் உள்ளதைப் பேச வராதவன் என்ன எழுதுவது?

அளவுகோல்

அடுத்த மாதம் மூன்றாவது ஞாயிறு திருச்சியில் எனக்குத் திருமணம். சுயமரியாதை முறை. தலைமை ஒருவர், வாழ்த்துரை நாலு பேர், உறுதிமொழி, மாலை, தாலி, அப்புறம் சாப்பாடு. வழக்கமாகத் தலைமை தாங்குபவர் அச்சடித்த உறுதிமொழியைச் சொல்லச் சொல்ல மணமக்கள் திருப்பிச் சொல்வார்கள். அது வேண்டாம், ஆளுக்கு ஒன்று எழுதி வாசிப்போம் என்று அவள் சொன்னாள். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

வெல்டிங் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். நாள் முழுக்க ரிப்போர்ட் எழுதுகிற ஆள்தான். ஆனால் இதை எழுத உட்கார்ந்தால் கை நகரவில்லை. மூன்று நாளில் வந்தது இவ்வளவுதான்:

"நீ என் வாழ்வின் ஒளி. உன் புன்னகையில் என் உலகம் விடிகிறது. இன்பத்திலும் துன்பத்திலும் என்றும் உன்னைக் கைவிடமாட்டேன். உன் கனவுகளுக்கு என்றும் துணை நிற்பேன்."

படித்தால் எனக்கே கூசுகிறது. அவள் சிரித்துவிடுவாள். கவிதை எழுதித் தராதீர்கள், எப்படி எழுதுவது என்று மட்டும் சொல்லுங்கள்.

கரிசல்

தம்பி, இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? மொதல்ல ஒரு ஜோக், கூட்டம் சிரிச்சிரும். அப்புறம் பொண்ணு வீட்டாருக்கு நன்றி, உங்க அப்பா அம்மாவுக்கு நன்றி, வெளியூர்ல இருந்து வந்தவங்களுக்கு நன்றி. கடைசியா ஒரு சங்கப்பாட்டு. மூணு நிமிஷத்துல முடிச்சிரலாம். மேடைப் பேச்சுக்கு இதைவிட என்ன வேணும்?

மேடைக்குப் பின்னால்

கரிசல் அண்ணாச்சி சொல்வது வரவேற்பில் பேசுகிற பேச்சு, அதற்கு அவர் கணக்கு சரி. உறுதிமொழி வேறு. அது ஒரே ஒரு ஆளைப் பார்த்துச் சொல்வது, கூட்டம் பக்கத்தில் நின்று கேட்கிறது. கூட்டத்தைப் பார்த்து நன்றி சொல்ல ஆரம்பித்த அந்த நொடியே பெண் மேடையில் ஒரு விருந்தாளி ஆகிவிடுவாள். சங்கப்பாட்டு எப்படியும் பத்திரிகையில் அச்சாகி இருக்கும்.

அளவுகோல், அந்த நாலு வரியைப் படித்துக் கூசாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பெயரை மட்டும் மாற்றி வேறு எந்த மாப்பிள்ளை கையில் கொடுத்தாலும் வாசித்துவிடலாம். நீங்கள் ரிப்போர்ட்டில் "வெல்டு அழகாக இருக்கிறது" என்று எழுதுவீர்களா? எந்த ஜாயின்ட், எந்த இடம், எவ்வளவு நீளத்துக்கு அண்டர்கட் என்றுதானே எழுதுவீர்கள். அதே கையால் எழுதுங்கள்.

முதல் வேலை உறுதிமொழி எழுதுவது இல்லை. தொடர்ந்து ஐந்து ராத்திரி, பத்துப் பத்து நிமிஷம், ஒரு நோட்டில் அவளைப் பற்றிப் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். நினைத்தது வேண்டாம். ஒவ்வொரு வரியிலும் ஓர் இடமோ ஒரு நேரமோ இருக்கட்டும். நல்ல, அழகான, அன்பான, இந்த மாதிரிச் சொல் எதுவும் கூடாது. வரவில்லை என்றால் மூன்று கேள்வி தருகிறேன். அவள் சொல்லாமல் செய்து நீங்கள் பிறகு கண்டுபிடித்தது என்ன? அவள் வந்த பிறகு நீங்கள் நிறுத்தியது அல்லது தொடங்கியது என்ன? உங்களால் அவளுக்கு எரிச்சல் வருவது எதில்? மூன்றாவதை விடாதீர்கள், வாக்குறுதி பெரும்பாலும் அதிலிருந்துதான் கிடைக்கும். போனில் கடைசி மூன்று மாத மெசேஜைப் புரட்டினாலும் நாலைந்து தேறும்.

பதினைந்து இருபது வரி சேர்ந்ததும் இங்கே போடுங்கள். மேடைக்குப் போவது அதில் இரண்டு, மூன்றுதான்.

சட்டப்பை

ஒரு எச்சரிக்கை. உறுதிமொழிக்கு சட்டத்தில் குறிப்பிட்ட வாசகம் உண்டு. அதை மாற்றிச் சொந்தமாக எதையாவது வாசித்தால் திருமணமே செல்லாது என்று ஆகிவிடும். பதிவு செய்யப் போகும்போது மாட்டிக்கொள்ளாதீர்கள்.

முத்திரைத்தாள்

பாதி சரிங்க சார். நீங்க சொல்றது 1954 சிறப்புத் திருமணச் சட்டம். அங்க பதிவு அலுவலர், மூணு சாட்சி முன்னாடி ரெண்டு பேரும் சொல்ல வேண்டிய வாக்கியம் சட்டத்துலயே இருக்கு. அதைச் சொல்லித்தான் ஆகணும். தங்களுக்குப் புரியுற எந்த மொழியிலயும் சொல்லலாம்.

இவர் கேக்கிறது இந்து திருமணச் சட்டத்துல 1967-ல் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவு. அதுல வார்த்தைக்கு வார்த்தை வாசகம் கிடையாது. உறவினர், நண்பர், வேறு யாராவது முன்னிலையில, இவரை மனைவியா ஏத்துக்கிறேன், கணவரா ஏத்துக்கிறேன்னு புரியுற மொழியில அறிவிச்சா போதும். இல்லைன்னா மாலை மாத்தினா, மோதிரம் போட்டா, தாலி கட்டினா, இதுல ஏதாவது ஒண்ணு போதும். ஊரைக் கூட்டி அறிவிக்கணும்கிற கட்டாயம் இல்லைன்னு 2023-ல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிருச்சு. ஆனா ரெண்டு பேரும் அந்தச் சட்டப்படி இந்துக்கள்ங்கிற கணக்குல வரணும்.

அதனால சொந்தமா என்ன வேணும்னாலும் எழுதுங்க. "மனைவியா ஏத்துக்கிறேன்"ங்கிற ஒரு வரியை மட்டும் தெளிவா வைங்க. உருவகம் எல்லாம் அந்த வரியில வேண்டாம்.

சட்டப்பை

7ஏ பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த ஒரு வரியைத் தலைமை தாங்குபவர் சொல்லி இவர்கள் திருப்பிச் சொல்வதே நல்லது என்பேன். பதற்றத்தில் விட்டுவிட்டால்?

மேடைக்குப் பின்னால்

அது நல்ல யோசனைதான், சட்டத்துக்காக இல்லாவிட்டாலும். வாய் உலர்ந்து நிற்பவருக்கு முதல் வரியை வேறொருவர் எடுத்துக் கொடுத்தால் குரல் திறந்துகொள்ளும். தலைமை தாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அவர் பையில் இருக்கும் அச்சுத்தாளை எடுத்து முழுவதையும் வாசித்துவிடுவார், உங்கள் கார்டு சட்டைப்பையிலேயே இருக்கும்.

பாளையங்கோட்டை டீச்சர்

எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். மகனின் திருமணம் சி.எஸ்.ஐ. ஆலயத்தில். அவனும் சொந்தமாக எழுதி வாசிக்க விரும்புகிறான். ஆராதனை முறையில் இருக்கும் உடன்படிக்கைக்குப் பதிலாக வாசிக்க இயலுமா?

மேடைக்குப் பின்னால்

பதிலாக முடியாது டீச்சர். சி.எஸ்.ஐ. ஆனாலும் கத்தோலிக்கம் ஆனாலும் அந்த இடத்தில் சொல்ல வேண்டியது வழிபாட்டு முறையிலேயே இருக்கிறது. கூடுதலாக ஏதாவது சேர்க்கலாமா என்பது ஆயரைப் பொறுத்தது, சீக்கிரமே கேட்டுவிடுங்கள். வரவேற்பில் கேக் வெட்டுவதற்கு முன் இரண்டு நிமிஷம் ஒதுக்கி அங்கே வாசிக்கச் சொல்லுங்கள், யாருக்கும் சங்கடம் இருக்காது.

அளவுகோல்

ஐந்து நாள் ஆகிவிட்டது. பதினேழு வரி வந்தது. பாதி உதவாது என்று எனக்கே தெரிந்து எடுத்துவிட்டேன். மீதி இவை.

1. அப்பாவின் சுகர் மாத்திரை அட்டைகளில் காலை, ராத்திரி என்று மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் பார்த்தேன்.
2. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பாட்டியைச் சரியான பஸ்ஸில் ஏற்றிவிடப் போனாள். எங்கள் பஸ் போய்விட்டது.
3. போனில் எனக்குப் பேச்சு வராமல் போனால் அவள் கட் பண்ண மாட்டாள். அந்தப் பக்கம் தையல் மிஷின் சத்தம் மட்டும் கேட்கும்.
4. கோபம் வந்தால் நான் இரண்டு நாள் பேசமாட்டேன். பொங்கலுக்கு அப்படி ஆனது. "கோபமா, வேலையா?" என்று ஒரே ஒரு மெசேஜ் போட்டாள்.
5. எல்லோருக்கும் போட்டுவிட்டு ஆறிப்போனதைச் சாப்பிடுவாள்.
6. எம்.எட். படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டாள். பணம்தான் காரணம். திரும்பச் சேர ஆசை.
7. நன்றாகச் சிரிப்பாள்.
8. அவள் அப்பாவுக்கு இருக்கும் கடனில் நான் கை கொடுக்க வேண்டும்.

கரிசல்

ஏழாவதை விட்டுட்டு மத்ததெல்லாம் ஜோர். பேச வராதுன்னு சொன்னது பொய்யா தம்பி?

மேடைக்குப் பின்னால்

மூன்றாவதைத் தொட்டுக் கும்பிடுங்கள். பேச வராதவனைப் பற்றி இதைவிட நேராக ஒரு வரி எழுத முடியாது. அவளைப் பற்றியும் அதிலேயே இருக்கிறது. ஒன்றாவது பார்க்காத உறவுக்காரருக்கும் கண்ணில் தெரியும். இந்த இரண்டும் மேடைக்குப் போதும். பாட்டி கதை நன்றாக இருந்தாலும் அது பாட்டிக்கும் அவளுக்கும் நடந்தது, நீங்கள் அதில் பஸ்ஸை விட்டவர் மட்டும்தான்.

எட்டாவது மேடையில் வரவே கூடாது. கை கொடுப்பது பெரிய விஷயம். ஆனால் முன்வரிசையில் மாமனார் உட்கார்ந்திருக்கும்போது மைக்கில் அவர் கடனைச் சொன்னால் மனிதர் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். அதை வீட்டில் அவளிடம் மட்டும் சொல்லுங்கள். ஆறாவதும் அந்த ரகம்தான், படிப்பு நின்றது யாருடைய இயலாமை என்று கூட்டம் கணக்குப் போடும். "இதைச் சொல்லலாமா" என்று அவளிடம் கேளுங்கள். சரி என்றால்கூடப் பணம் என்ற சொல் வேண்டாம். அவளைப் பற்றிய எந்தச் செய்திக்கும் இதே கணக்குதான்: அவள் அம்மா, உங்கள் அம்மா, மேலதிகாரி, மூவரும் பக்கத்தில் நின்று கேட்டால் யாருக்காவது முகம் சுருங்குமா?

4, 5, 6 மூன்றிலும் வாக்குறுதி இருக்கிறது. மூன்றே போதும், ஏழெட்டு அடுக்கினால் தேர்தல் அறிக்கை ஆகிவிடும். எழுதிப் பாருங்கள்.

அளவுகோல்

எழுதினேன். 6-ஐ அவளிடம் கேட்டேன், சொல்லலாம் என்றாள்.

"(பெயர்), என் அப்பாவின் மாத்திரை அட்டைகளில் காலை, இரவு என நீ குறித்து வைத்ததை இரண்டு வாரங்களுக்குப் பின்னரே கண்டேன். அன்றுதான் உன் நல்ல மனதைப் புரிந்துகொண்டேன். தொலைபேசியில் நான் மௌனமாக இருக்கும் வேளைகளில் நீ இணைப்பைத் துண்டிக்காமல் என்னுடன் இருந்தாய். அது எனக்கு மிகுந்த ஆறுதலைத் தந்தது. இனி எக்காலத்திலும் உன்னிடம் கோபம்கொள்ள மாட்டேன். நீ உண்ணாமல் நான் உண்ண மாட்டேன். உன் கல்விக்கு என்றும் துணை நிற்க முயற்சி செய்வேன். உன்னை என் மனைவியாக ஏற்கிறேன்."

முன்னதைவிடத் தேவலை. ஆனாலும் என் குரல் மாதிரி இல்லை.

மேடைக்குப் பின்னால்

செய்தி வந்துவிட்டது. இனி மூன்று பழுது, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, சம்பவத்தைச் சொல்லிவிட்டு உடனே அதற்கு விளக்கவுரை போடுகிறீர்கள். "உன் நல்ல மனதைப் புரிந்துகொண்டேன்", "மிகுந்த ஆறுதலைத் தந்தது". மாத்திரை அட்டை என்றதுமே கேட்பவருக்குப் புரிந்துவிட்டது, அடுத்த வரி அதை மழுக்குகிறது. அதற்காக விளக்கத்தை வெட்டிவிட்டு வெறும் சம்பவத்தை விட்டாலும் உங்கள் பக்கம் காலியாக இருக்கும். உணர்ச்சிக்குப் பெயர் சொல்ல வராதவருக்கு ஒரு வழி உண்டு. அந்த நேரத்தில் உங்கள் கை என்ன செய்தது என்று சொல்லுங்கள். அட்டையைப் பார்த்தபோது என்ன செய்தீர்கள்?

இரண்டாவது, வாக்குறுதிகள். "எக்காலத்திலும் கோபம்கொள்ள மாட்டேன்" என்பது முதல் வாரமே உடையும், அவளுக்கும் தெரியும். "நீ உண்ணாமல் உண்ண மாட்டேன்" முதல் நைட் ஷிஃப்டில் உடையும். "முயற்சி செய்வேன்" என்பதில் உடைவதற்கே எதுவும் இல்லை, அதனால் அது வாக்கே இல்லை. எப்போது, என்ன செய்வீர்கள், செய்தீர்களா என்று அவள் பார்த்துச் சொல்ல முடியுமா, இந்த மூன்றும் இருக்கட்டும். கோபம் வராது என்று சொல்லாதீர்கள், வந்தால் என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள். படிப்புக்குத் துணை என்றால் பரீட்சை நேரத்தில் வீட்டில் எந்த வேலை உங்களுடையது? உங்களுக்குச் சமைக்க என்ன தெரியும்?

மூன்றாவது, தமிழ். "கண்டேன்", "உண்ண மாட்டேன்", "இணைப்பைத் துண்டிக்காமல்" என்று அவளிடம் எப்போதாவது பேசியிருக்கிறீர்களா? ரிப்போர்ட் எழுதும் கை பேனாவைப் பிடித்ததும் எழுத்துத் தமிழுக்குப் போய்விடுகிறது. குரல் வேறு யாருடையதோ போல் கேட்பது அதனால்தான். இதைப் பேப்பரில் எழுதாமல் போனில் பேசிப் பதிவு செய்து, அப்படியே எழுத்துக்கு எழுத்து இறக்குங்கள்.

பாளையங்கோட்டை டீச்சர்

கடைசிக் கருத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. இருபத்தைந்து வருடம் கழித்து எடுத்துப் படிக்கப்போகும் தாள் இது. "சாப்புட்டுட்டு", "வந்துட்டு" என்றெல்லாம் எழுதினால் அதன் மதிப்பே போய்விடும். எளிய எழுத்துத் தமிழ் என்று ஒன்று இருக்கிறது. "கண்டேன்" வேண்டாம், "பார்த்தேன்" போதும். கொச்சைக்கு இறங்க அவசியம் இல்லை.

மேடைக்குப் பின்னால்

"பார்த்தேன்" போதும் என்பது சரிதான் டீச்சர். ஆனால் "பார்த்தேன்" என்று எழுதியிருந்தாலும் பதற்றத்தில் பாதி வாக்கியம் அப்படியும் மீதி "பாத்தேன்" என்றும் வரும், அந்தக் கலப்புதான் காதில் உறுத்தும். நிறுத்தி, நிதானமாக வாசிக்கக்கூடியவர் என்றால் நீங்கள் சொல்வது நன்றாகவே இருக்கும். பேச வராதவருக்குப் பழகிய நாக்குதான் பாதுகாப்பு.

பாளையங்கோட்டை டீச்சர்

ஏற்பு அறிவிப்பு வரியாவது எழுத்துத் தமிழில் இருக்கட்டும். அதில் நான் இறங்கி வரமாட்டேன்.

முத்திரைத்தாள்

அந்த வரிக்கு டீச்சர் பக்கம் நான். வீடியோவுல தெளிவா கேக்கணும்.

அளவுகோல்

அட்டையைத் தூக்கிப் போடவில்லை. மாத்திரை தீர்ந்த பிறகும் என் டிராயரில் இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சமையல்: ரசம், முட்டை தோசை. அவ்வளவுதான்.

இன்னொரு சந்தேகம். நான் அவளை "நீ" என்பேன். அவள் தனியாக இருக்கும்போது "டா", வீட்டார் முன்னால் "நீங்க". மேடையில் நான் "நீ" என்றும் அவள் "நீங்க" என்றும் சொன்னால், அச்சடித்த உறுதிமொழியில் இருக்கும் சமத்துவம்கூட எங்களுடையதில் இருக்காதே?

கரிசல்

டான்னு சொல்லச் சொல்லுங்க தம்பி, பெருசுங்க ரெண்டு பேரு மயங்கி விழட்டும்.

மேடைக்குப் பின்னால்

டிராயரில் இருக்கிற அந்த அட்டைதான் உங்கள் "உன்னை எவ்வளவு பிடிக்கும்". அதை அப்படியே சொல்லுங்கள், பக்கத்தில் வேறு எதையும் வைக்காதீர்கள்.

நீ, நீங்க பற்றி: இரண்டு பேரும் "நீங்க" என்று வைத்துக்கொள்ளும் ஜோடிகள் உண்டு. சமமாக இருக்கும், கொஞ்சம் விறைப்பாகவும் இருக்கும். இரண்டு பேரும் "நீ" என்றால் நெருக்கமாக இருக்கும், சில வீடுகளில் முணுமுணுப்பு வரும். நான் எதையும் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் இதை இரண்டு பேரும் முன்கூட்டியே பேசி முடிவு செய்ய வேண்டும். இதோடு நீளம், வாக்குறுதி எத்தனை, சிரிக்க வைக்கும் வரி உண்டா இல்லையா, இவற்றையும் பேசிவிடுங்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டாம். ஒருவர் நாலு நிமிஷம் சிரிக்கச் சிரிக்க வாசித்து, மற்றவர் முப்பது நொடியில் முடித்தால் முடித்தவர் ஏதோ குறை வைத்ததுபோல் ஆகிவிடும், எழுதியது எவ்வளவு நன்றாக இருந்தாலும். இரண்டு பேர் தாளையும் பொதுவான ஒருவர் பார்த்துவிடுவது நல்லது. இருவரும் ஒரே சம்பவத்தைச் சொல்கிறீர்களா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

சட்டப்பை

எதிர்பாராமல் கேட்பதில்தானே அதன் அழகு? பொதுவான ஒருவர் பார்த்துவிட்டால் அது கசிந்துவிடும். எனக்கு இது பிடிக்கவில்லை.

ஒலிவாங்கி

எழுதுறதைப் பத்தி எனக்குத் தெரியாது, மைக்செட் போடுறவன். எவ்வளவு நல்லா எழுதினாலும் கேக்காமப் போற இடம் எதுன்னு சொல்றேன்.

மாலை போட்டதுக்கு அப்புறம் வாசிக்காதீங்க. பெரிய ரோஜா மாலைன்னா கழுத்து மைக்குல இதழ் உரசுற சத்தம்தான் வரும். கை மைக்குன்னாலும் மாலை தடுக்கும், கை மேல வராது. தாலி கட்டினதுக்கு அப்புறம்னா கேக்கவே வேண்டாம், கெட்டிமேளம் முடிஞ்சதும் பாதிக் கூட்டம் பந்திக்கு எந்திரிச்சிரும். அதனால வாழ்த்துரைக்கு முன்னாடியே உறுதிமொழியை வச்சிருங்க. நாலு பேரு வாழ்த்தினா எட்டுப் பேரு ஏறுவாங்க.

கை மைக்க மோவாய்க்குக் கீழ, நாலு விரல்கிடை தள்ளிப் பிடிங்க. உணர்ச்சிவசப்பட்டா எல்லாரும் செய்யுறது, கை தானா வயித்துக்கு இறங்கிரும். குரல் உடையுற அந்த வரி யாருக்குமே கேக்காது. முடிஞ்சா ஸ்டாண்ட் கேளுங்க. ரெண்டு கையும் காலியா இருக்கும், கார்டு ஆடாது.

இன்னொண்ணு. மேளக்காரங்க மேடையில கை ஆடுறதைப் பாத்துத்தான் கெட்டிமேளம் வாசிப்பாங்க. கார்டு வச்ச கையை உசத்திறாதீங்க. அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க.

மேடைக்குப் பின்னால்

இதை எழுதுவதற்கு ஒலிவாங்கியை விட்டால் ஆள் இல்லை. கார்டு பற்றி நான் சேர்க்கிறேன். போனில் வைத்து வாசிக்காதீர்கள், பாதியில் திரை அணையும் அல்லது அழைப்பு வரும். ஏ4-இல் பாதி, கெட்டியான அட்டை, 18 புள்ளி எழுத்து, ஒரு பக்கம் மட்டும். இன்னொரு பிரதி தலைமை தாங்குபவரிடம்.

தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். வாக்கியம் நீண்டால் கேட்பவரும் அதுவரை காத்திருக்க வேண்டும், உங்கள் மூச்சும் அதுவரை தாங்க வேண்டும். பெரும்பாலும் மூச்சு முட்டுவது "-வேன்", "-மாட்டேன்" என்ற இடத்தில், அதாவது வாக்குறுதியே விழுங்கப்படும். அதனால் ஒரு வாக்கியத்தில் ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் வேண்டாம். தாண்டினால் இரண்டாக வெட்டுங்கள். ஒரு வாக்கியம் முடிந்தால்தான் அடுத்த வரி.

எழுந்து நின்று, சத்தமாக ஆறேழு தடவை படியுங்கள். மனப்பாடம் வேண்டாம், மறந்தால் முழுவதும் போய்விடும். குரல் எங்கே உடைகிறது என்று இரண்டாவது தடவையிலேயே தெரிந்துவிடும். அங்கே பென்சிலில் ஒரு கோடு போடுங்கள். அந்த வரியில் அவள் முகத்தைப் பார்க்காமல் கார்டைப் பாருங்கள். அதைக் கடைசி வரியாகவும் வைக்காதீர்கள், பின்னால் ஒரு சாதாரண வரி வந்தால் குரல் திரும்பி வரும். மேடையில் நின்றுவிட்டால் மன்னிப்புக் கேட்க வேண்டாம். ஒரு மூச்சு இழுத்துவிட்டு அந்த வாக்கியத்தின் தலையிலிருந்து மறுபடி.

அளவுகோல்

போனில் பேசிப் பதிவு செய்து இறக்கினேன். கடைசி வரி டீச்சருக்காக. இரண்டு பேரும் "நீ" என்று முடிவு செய்திருக்கிறோம். அவள் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

"(பெயர்).
அப்பாவோட மாத்திரை அட்டையில காலை, ராத்திரின்னு எழுதி வச்சிருந்த.
நீ சொல்லலை.
ரெண்டு வாரம் கழிச்சு நானாப் பார்த்தேன்.
அந்த அட்டை இன்னும் என் டிராயர்ல இருக்கு.
போன்ல எனக்குப் பேச்சு வராத நாள் உண்டு.
அப்ப நீ கட் பண்ண மாட்ட.
தையல் மிஷின் சத்தம் மட்டும் கேட்கும்.
நான் அதைக் கேட்டுட்டு உட்கார்ந்திருப்பேன்.
கோபம் வந்தா நான் பேச மாட்டேன், உனக்குத் தெரியும்.
இனி அன்னைக்கு ராத்திரிக்குள்ள 'கோபமா இருக்கேன், நாளைக்குப் பேசலாம்'னாவது சொல்லிடுவேன்.
நான் வீட்ல இருக்கிற ராத்திரி ரெண்டு பேருக்கும் சாப்பாடு ஒரே நேரம்.
நீ திரும்பப் படிக்கச் சேர்ந்தா, பரீட்சை மாசம் சமையல் என்னோடது.
ரசமும் முட்டை தோசையும்தான் கிடைக்கும்.
உன்னை என் மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன்."

நின்று வாசித்தால் ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. மிஷின் சத்தம் வரியில்தான் தொண்டை அடைக்கிறது.

கரிசல்

முட்டை தோசை வரிக்குக் கூட்டம் சிரிக்கும். ஜோக் வேணும்னு நான் சொன்னேன்ல.

மேடைக்குப் பின்னால்

சிரிக்கும், அது தானாக வந்த சிரிப்பு. அது அடங்கும்வரை நின்றுவிட்டுக் கடைசி வரியைச் சொல்லுங்கள், இல்லையென்றால் முத்திரைத்தாள் கேட்ட வரி சிரிப்புச் சத்தத்தில் போய்விடும். "இனி அன்னைக்கு ராத்திரிக்குள்ள" வரி நீளம், "ராத்திரிக்குள்ள ஒண்ணு சொல்லிடுவேன்" என்று அங்கே ஒரு முற்றுப்புள்ளி வையுங்கள். பிறகு அந்தச் சொற்கள் தனி வரியில் வரட்டும். மிஷின் சத்தம் வரிக்குப் பின்னால் இன்னொரு வரி இருக்கிறது, தொண்டை அடைத்தாலும் தப்பித்துவிடுவீர்கள்.

பாளையங்கோட்டை டீச்சர்

"ரெண்டு பேருக்கும் சாப்பாடு ஒரே நேரம்" என்பதில் வினையே இல்லை. வாக்குறுதி என்றால் யார் செய்கிறார் என்று இருக்க வேண்டும். அவள் காத்திருக்க வேண்டுமா, நீங்கள் காத்திருப்பீர்களா?

அளவுகோல்

நான்தான் காத்திருப்பேன். "நீ தட்டு எடுத்து உட்கார்ற வரைக்கும் நான் காத்திருப்பேன்" என்று மாற்றிவிட்டேன். ஏழு சொல், எண்ணிவிட்டேன்.

ஒலிவாங்கி

மண்டபம் எது? ஏசி இல்லாத மண்டபம்னா மேடை ஃபேன் காத்து மைக்குல அடிக்கும். அந்த ரெண்டு நிமிஷம் ஃபேனை நிறுத்தச் சொல்லுங்க. கார்டும் பறக்காது.